‘அஞ்சு மில்லி’ என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள்

“காட்பாடியில் இருக்கிறோம். நானும் கணவரும் காலையில் ஷூ கம்பெனிக்குக் கிளம்பிவிட்டால் பிள்ளைகள் இரண்டு பேரையும் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். சின்னவனுக்கு ஒன்றரை வயது, 10 கிலோ. பெரியவளுக்கு 6 வயது, 18 கிலோ. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் எவ்வளவு கொடுப்பது என்று அவருக்கு ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவைக்க நினைக்கிறேன். ‘சிரப் அஞ்சு மில்லி, நாலு வேளை’ என்று எழுதினால் போதுமா?”

போதாது. எந்த பாட்டிலில் இருந்து அஞ்சு மில்லி என்பதை எழுதாவிட்டால் அந்தத் தாள் ஆபத்தானது. நான் வேலூர்ப் பக்கம் மருந்தாளுநராக இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். அதில் பாதிக் காலம் குழந்தைகள் வார்டுக்கு மருந்து கொடுக்கும் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தேன். பாராசிட்டமாலில் குழந்தைக்கு வந்த சிக்கல்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான் ஆரம்பித்தன. யாரும் வேண்டுமென்றே அதிகம் கொடுக்கவில்லை. சொன்ன அளவைச் சரியாகவே கொடுத்தார்கள், வேறு பாட்டிலில் இருந்து.

நம் ஊர்க் கடைகளில் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் மூன்று விதமாகக் கிடைக்கிறது. ஒன்று, 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி. உள்ள சாதாரண சிரப். இரண்டாவது, 5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ளது, அட்டையில் பெயருக்குப் பக்கத்தில் 250 என்றோ டி.எஸ். என்றோ போட்டிருப்பார்கள். மூன்றாவது சொட்டு மருந்து, கைக்குழந்தைகளுக்கென்று சின்ன 15 மி.லி. பாட்டிலில் டிராப்பரோடு வருவது. பெயரைக் கேட்டால் இதுதான் மூன்றிலும் லேசானது என்று தோன்றும். உண்மையில் இதுதான் மிகக் கெட்டியானது. பெரும்பாலும் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும், அதாவது 5 மி.லி.யில் 500. ஒரு பெரிய ஆள் போடும் முழு மாத்திரை அது. பச்சைக் குழந்தை நிறையக் குடிக்காது என்பதால் கொஞ்ச திரவத்தில் நிறைய மருந்தை அடக்கியிருக்கிறார்கள். ஆக ‘அஞ்சு மில்லி’ என்பது ஒரு பாட்டிலில் 125, இன்னொன்றில் 250, மூன்றாவதில் 500.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம் நம் பேச்சுவழக்கு. மி.லி., மி.கி. இரண்டையுமே ‘மில்லி’ என்கிறோம். மி.லி. என்பது எவ்வளவு திரவம் ஊற்றுகிறோம் என்பது. மி.கி. என்பது அதற்குள் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பது. குழந்தையின் உடம்புக்குக் கணக்கு மி.கி.யில்தான். மாமியாருக்கு எழுதும் தாளில் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். கடைக்காரரிடம் கேட்கும்போதும் ‘காய்ச்சல் சிரப்’ என்று கேட்காமல் ‘அஞ்சு மில்லிக்கு 125 உள்ளது’ என்று கேளுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு வேளைக்கு, குழந்தையின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 15 மி.கி. இது பரவலாக ஒத்துக்கொண்ட அளவு. 24 மணி நேரத்தில் மொத்தம் எவ்வளவு என்பதில் மட்டும் புத்தகங்கள் கொஞ்சம் மாறுபடும். சில கிலோவுக்கு 60 மி.கி. என்கின்றன, சில 75 வரை போகலாம் என்கின்றன. சிலர் நாலு வேளை என்பார்கள், சிலர் ஐந்து வரை அனுமதிப்பார்கள். வீட்டில் ஒட்டிவைக்கும் தாளுக்கு நான் எப்போதும் குறைந்த கணக்கைத்தான் எடுப்பேன்: கிலோவுக்கு 60, நாலு வேளை, அதற்கு மேல் கிடையாது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பக்கத்தில் இருந்து கொடுக்கும் கணக்கு வேறு, பாட்டி தனியாக வீட்டில் இருந்து கொடுக்கும் கணக்கு வேறு.

வயதை வைத்து அளவு சொல்வது பழக்கமாகிவிட்டது, பாட்டில் அட்டையிலும் வயது போட்டிருப்பார்கள். ஆனால் நம் பக்கம் ஒன்றரை வயதுப் பிள்ளை எட்டு கிலோவும் இருக்கும், பன்னிரண்டு கிலோவும் இருக்கும். நீங்கள் எடையோடு கேட்டீர்கள், அது நல்லது. அது எப்போது எடுத்த எடை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்த்துக் குறித்துக் கொடுப்பார்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம். தாளில் எடையையும் அது எடுத்த தேதியையும் எழுதி, சின்னவனுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

10 கிலோ சின்னவனுக்கு ஒரு வேளை 100 முதல் 150 மி.கி. நடுவில் 125 என்று வைத்துக்கொண்டால், 125 சிரப்பில் 5 மி.லி. சரியாக வருகிறது. நீங்கள் நினைத்த ‘அஞ்சு மில்லி’ இந்த ஒரு பாட்டிலுக்கு மட்டும் சரி. அதே குழந்தைக்கு 250 சிரப்பில் இரண்டரை மி.லி.தான். சொட்டு மருந்தில் 1.2 மி.லி. நாலு வேளையும் கொடுத்தால் ஒரு நாளைக்கு 500 மி.கி., அவனுடைய உச்ச வரம்பு 600. உள்ளேயே இருக்கிறோம். இப்போது 250 பாட்டிலில் இருந்து அஞ்சு மில்லி நாலு வேளை கொடுத்தால் 1000 மி.கி. ஆகிறது, கிலோவுக்கு 100. ஒரு நாள் இப்படிப் போனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மூன்று நாள் தொடர்ந்தால் கல்லீரலுக்கு ஆபத்து என்று கணக்குப் போட்டு வைத்திருக்கும் எல்லை அதுதான். சொட்டு மருந்தில் அஞ்சு மில்லி நாலு வேளை என்றால் கிலோவுக்கு 200. அது ஒரே நாளில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அளவு.

18 கிலோ பெரியவளுக்கு ஒரு வேளை 180 முதல் 270 வரை. 250 சிரப்பில் 5 மி.லி., அல்லது 125 சிரப்பில் 10 மி.லி., அல்லது 500 மாத்திரையில் பாதி. எல்லாம் ஒரே 250 மி.கி.தான். நாலு வேளைக்கு 1000, அவளுடைய வரம்பு 1080. மாத்திரையில் ஒரு எச்சரிக்கை. உங்கள் மாமியார் முட்டி வலிக்கு 650 மாத்திரை வைத்திருப்பார், வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதை உடைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். பாதி 325, பெரியவளுக்கே அதிகம். கால் 162, சின்னவனுக்கு அதிகம். தவிர, கையால் உடைத்த ‘கால்’ எப்போதும் காலாக இருப்பதில்லை. இரண்டு குழந்தைக்கும் ஒரே ஒரு 125 சிரப்பை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. சின்னவனுக்கு 5, பெரியவளுக்கு 10. பாட்டில் சீக்கிரம் தீரும், கொஞ்சம் செலவுதான். ஆனால் வீட்டில் இரண்டு விதமான பாட்டில் இல்லாவிட்டால் மாறிப்போக வழியே இல்லை.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒரு பையன் காரணம். குடியாத்தம் தாண்டி ஒரு கிராமம், 9 கிலோ, இரண்டு வயது ஆகப்போகிறது. அம்மா வேலைக்குப் போகிறவர், ஆயா பார்த்துக்கொண்டார். ஆறு மாதம் முன்பு காய்ச்சல் வந்தபோது டாக்டர் 125 சிரப்பை எழுதி அஞ்சு மில்லி கொடுக்கச் சொல்லியிருக்கிறார். ஆயாவுக்கு அந்த ‘அஞ்சு மில்லி’ மனப்பாடம். இந்தத் தடவை டாக்டரிடம் போகாமல் கடையில் ‘குழந்தைக் காய்ச்சலுக்கு’ என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். கிடைத்தது 250. பாட்டிலின் நிறமும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று. அனல் அடித்தபோதெல்லாம் கொடுத்ததில் ஒரு நாளைக்கு ஐந்து வேளை ஆகிவிட்டது. மூக்கு ஒழுகுகிறது என்று சளி சிரப் ஒன்றும் மூன்று வேளை. அதிலும் வேளைக்கு 125 மி.கி. பாராசிட்டமால் இருந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காய்ச்சல் சிரப்பில் 250 வீதம் ஐந்து வேளை, 1250. சளி சிரப்பில் 125 வீதம் மூன்று வேளை, 375. மொத்தம் 1625 மி.கி. ஒன்பதால் வகுத்தால் கிலோவுக்கு 180. வரம்பைப் போல மூன்று மடங்கு, மூன்று நாள். நாலாவது நாள் பையன் சாப்பிட மறுத்து, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, எழுப்பினால் கண்ணைத் திறந்து மறுபடி தூங்கிப்போகிற நிலையில் வந்தான். காய்ச்சலோ விட்டுவிட்டது. ‘காய்ச்சல் விட்டாச்சே, அசதிதான்’ என்று அரை நாள் வீட்டிலேயே வைத்திருந்தார்களாம். வார்டு டாக்டர் ‘என்னென்ன மருந்து கொடுத்தீங்க, பாட்டிலையே எடுத்துட்டு வாங்க’ என்றார். சாயங்காலம் ஆயா ஒரு மஞ்சள் பையில் மூன்று பாட்டில்களைக் கொண்டுவந்து என் கவுன்ட்டர் மேல் வைத்தார். சளி சிரப் ஒன்று, 60 மி.லி. காய்ச்சல் சிரப் இரண்டு. முதலாவது காலி, இரண்டாவது சரிந்துகொண்டிருந்தது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. சரியான அளவில் கொடுத்திருந்தால் அந்த 250 பாட்டில் ஒன்றே ஆறு நாளைக்கு வர வேண்டும்.

ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்ஸைம்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. மாற்று மருந்தான என்-அசிடைல் சிஸ்டீனை டிரிப்பில் ஏற்றினார்கள். பையன் பிழைத்தான், ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனான். ஆயா அந்த ஒன்பது நாளும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. “டாக்டர் சொன்ன அளவுதானே சாமி குடுத்தேன்” என்று என்னிடம் மட்டும் இரண்டு தடவை சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மாமியாருக்கு எடுத்துச் சொல்ல வசதியாக இருக்கும். குடித்த பாராசிட்டமாலில் பெரும்பங்கைக் கல்லீரல் ஆபத்தில்லாத பொருளாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் நச்சுப் பொருளாக மாறும். அதை உடனுக்குடன் முறிக்க குளுட்டாதயோன் என்ற பொருளைக் கல்லீரல் இருப்பு வைத்திருக்கிறது. அளவோடு கொடுத்தால் இருப்பு போதும். அளவு கூடினால் நச்சும் கூடும், இருப்பு தீரும், மிச்சமுள்ள நச்சு கல்லீரல் செல்களையே தாக்கும். இந்த இருப்பு சாப்பாட்டில் இருந்து வருவது. மூன்று நாளாகக் கஞ்சி கூட இறங்காத, வாந்தி எடுக்கிற, எலும்பும் தோலுமான குழந்தைக்கு அது ஏற்கெனவே குறைந்திருக்கும். அதனால்தான் நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளை தாங்கும் ஒரு தப்பை, சாப்பிடாத பிள்ளை தாங்காமல் போகலாம். சாப்பிடாமல் கிடக்கிற குழந்தைக்கு மூன்றாம் நாள் மருந்து ஊற்றும் முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

சளி, இருமல் சிரப்புகளைப் பற்றி அந்தப் பையன் கதையிலேயே சொல்லிவிட்டேன், இன்னும் கொஞ்சம். இவற்றில் பலவற்றில் பாராசிட்டமால் கலந்திருக்கும். பெயரில் தெரியாது; பின்பக்கம் பொடி எழுத்தில் மருந்துகளின் பட்டியல் இருக்கும், அதில்தான் தெரியும். உங்களால் படிக்க முடியும், மாமியாரால் முடியாமல் இருக்கலாம். அதனால் எந்த பாட்டில் வீட்டுக்கு வந்தாலும் நீங்களே பட்டியலைப் பாருங்கள். பாராசிட்டமால் இருந்தால் பாட்டில் மேல் ஒரு வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, தடித்த பேனாவால் ‘இதிலும் காய்ச்சல் மருந்து இருக்கு’ என்று தமிழில் எழுதிவிடுங்கள். சின்னவனுக்கு அந்தச் சளி சிரப்பே வேண்டாம் என்பது வேறு விஷயம். அவற்றில் பெரும்பாலும் சேரும் குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் என்ற ஜோடியை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லியிருக்கிறது. ஆசனவாயில் வைக்கும் பாராசிட்டமால் மாத்திரையும் இதே கணக்கில்தான் சேரும். மேலே சிரப், கீழே மாத்திரை என்று இரண்டையும் கொடுத்துவிட்டு ஒரு வேளை என்று எண்ணக் கூடாது.

ஊற்றும் விஷயத்தில் நம் வீடுகளில் இரண்டு பழக்கம். ஒன்று டீஸ்பூன், இன்னொன்று சங்கு. சமையலறை ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. ஒரே அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் இரண்டு ஸ்பூன் கூட ஒன்றாக இருக்காது. சங்கில் கோடே கிடையாது, ‘முக்கால் சங்கு’ என்பது கை அளவு. பாட்டிலோடு வரும் அளவு மூடியில் கோடு போட்டிருக்கும். அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, தரைக்குச் சமமாக வைத்துப் பார்க்க வேண்டும். இதைவிட நல்லது மருந்துக் கடையில் கிடைக்கும் 5 மி.லி. சிரிஞ்ச். ஊசியைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டு, சிரிஞ்சை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வரைந்த கோடு வரை இழுத்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். தொண்டைக்கு நேராகப் பீய்ச்சினால் புரையேறும். அளந்தபிறகு சங்கில் ஊற்றிப் புகட்டினால் தப்பில்லை, பாட்டிகளுக்கு அதுதான் கை பழகியது. பல பாட்டில்களில் மருந்து அடியில் படிந்திருக்கும், நன்றாகக் குலுக்கிவிட்டு எடுக்க வேண்டும். குலுக்காமல் எடுத்தால் முதல் நாளெல்லாம் தண்ணீர் மாதிரியும், அடிப் பாட்டில் கெட்டியாகவும் போகும். ‘முதல்ல கேக்கவே இல்ல, கடைசியிலதான் கேட்டுச்சு’ என்று சிலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேரம். இரண்டு வேளைக்கு நடுவில் நாலு மணி நேரம் குறைந்தபட்சம், ஆறு மணி நேரம் உத்தமம். ஆறு என்று தாளில் எழுதினால் நாலு வேளைக்கு மேல் தானாகவே போகாது, அதனால் நான் ஆறு என்றே எழுதச் சொல்வேன். உங்கள் வீட்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது: பகலில் மாமியார் கொடுப்பார், ராத்திரி நீங்கள் கொடுப்பீர்கள். யார் எப்போது கொடுத்தார் என்பது வாய் வார்த்தையில் நிற்காது. மருந்து பாட்டில் இருக்கும் இடத்திலேயே ஒரு தினசரிக் காலண்டரைத் தொங்கவிட்டு, கொடுத்த உடனே அந்தத் தேதித் தாளில் நேரத்தை எழுதச் சொல்லுங்கள். எழுதப் படிக்கச் சிரமம் என்றால் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கோடு போட்டாலே போதும், நாலு கோடு ஆனால் அன்றைக்கு அவ்வளவுதான். கொடுத்து அரை மணி நேரத்துக்குள் மொத்தமாக வாந்தி எடுத்துவிட்டால் ஒருமுறை மட்டும் திரும்பக் கொடுக்கலாம். அரை மணிக்கு மேல் ஆகியிருந்தால் அடுத்த வேளை வரை பொறுக்க வேண்டும்.

அதிகம் கொடுப்பதற்குப் பின்னால் இருப்பது பயம். ‘காய்ச்சல் தலைக்கு ஏறினா ஜன்னி வந்துடும்’ என்று பாட்டி பயப்படுவார். அந்தப் பயம் சும்மா வந்ததில்லை, காய்ச்சலோடு வலிப்பு வருகிற பிள்ளைகள் உண்டு. ஆனால் பாராசிட்டமால் கொடுத்தால் அந்த வலிப்பு வராது என்பதற்கு ஆதாரம் இல்லை, அதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். இந்த மருந்து உடம்பு வலி, தலைவலி, அனத்தல் குறைந்து பிள்ளை கொஞ்சம் தண்ணீர் குடிக்க, தூங்க உதவும், அவ்வளவுதான் அதன் வேலை. கொடுத்து அரை மணியில் இருந்து ஒரு மணிக்குள் வேலை செய்ய ஆரம்பிக்கும், காய்ச்சல் ஒன்றிரண்டு டிகிரி இறங்கும், முழுக்க இறங்க வேண்டும் என்று இல்லை. 101 டிகிரி இருந்தும் பிள்ளை விளையாடுகிறது என்றால் மருந்தே வேண்டாம். 100.4 தொட்டதும் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்ற விதி எதுவும் கிடையாது. மருந்து கொடுத்து ஒரு மணி நேரத்தில் அனல் குறையவில்லை என்று இன்னொரு மூடி ஊற்றுவதுதான் நான் பார்த்த தப்புகளில் ரொம்ப சாதாரணமானது.

நம் ஊர் வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கத்திரி வெயிலில் தகர ஷீட் வீட்டுக்குள் படுத்திருந்த பிள்ளை, பைக்கில் முன்னால் உட்கார்ந்து மத்தியானம் ஆற்காட்டில் இருந்து வந்த பிள்ளை, இவர்களின் உடம்பு சுடுவது காய்ச்சலாக இல்லாமல் வெயில் சூடாக இருக்கலாம். அதற்குப் பாராசிட்டமால் வேலை செய்யாது, ஏனென்றால் மூளை வெப்பத்தை ஏற்றி வைக்கவில்லை, வெளியில் இருந்து ஏறியிருக்கிறது. நிழலுக்குக் கொண்டுபோய், துணியைத் தளர்த்தி, தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, குடிக்கக் கொடுங்கள். துவண்டு கிடந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். பாட்டிலையும் ஜன்னல் விளிம்பில் வெயிலில் வைக்க வேண்டாம்.

மழைக்காலம் வந்தால் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் டெங்கு தலைகாட்டும். டெங்கு இல்லை என்று தெரியாதவரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். ஐபுபுரோஃபென், மெஃபனமிக் ஆசிட் இரண்டும் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. ‘பாராசிட்டமால் கேக்கல, இத குடுங்க’ என்று கடையில் தரும் ஆரஞ்சு நிற சிரப் பெரும்பாலும் ஐபுபுரோஃபெனும் பாராசிட்டமாலும் கலந்தது, அதையும் இதையும் சேர்த்துக் கொடுத்தால் மறுபடி இரட்டை அளவு. நிமசுலைடு 12 வயதுக்குக் கீழே இந்தியாவில் 2011-லேயே தடை செய்யப்பட்டது. பழைய ஸ்டாக் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடுங்கள். டெங்குவில் இன்னொன்று: காய்ச்சல் விடுகிற நாள்தான் கவனிக்க வேண்டிய நாள். காய்ச்சல் குறைந்தும் பிள்ளைக்குக் கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிட்டுப் போவது இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

எங்காவது தவறி அதிகம் கொடுத்துவிட்டால், அல்லது சின்னவன் மூடியைத் திறந்து பாட்டிலோடு குடித்துவிட்டால், பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கிறதே என்று காத்திருக்கவே கூடாது. இந்த விஷத்தின் கெட்ட குணம் அதுதான். முதல் நாள் லேசான குமட்டலோடு சரி, ஒன்றுமே தெரியாமலும் போகும். மஞ்சள் காமாலையும் ரத்தக்கசிவும் மூன்றாம் நாள், நாலாம் நாள்தான் தெரியும், அதற்குள் கல்லீரல் நைந்திருக்கும். மாற்று மருந்து முதல் எட்டு மணி நேரத்துக்குள் போனால் கிட்டத்தட்ட முழுமையாகக் காப்பாற்றும், நேரம் தள்ளத் தள்ள பலன் குறையும். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளை ஒரே தடவையில் கிலோவுக்கு 200 மி.கி. அல்லது அதற்கு மேல் குடித்திருந்தால் அது ஆபத்து எல்லை. ஆனால் எவ்வளவு போனது என்பது வீட்டில் சரியாகத் தெரியாது, சட்டையில் எவ்வளவு, பாயில் எவ்வளவு என்று யாரால் அளக்க முடியும். சந்தேகம் என்றாலே கிளம்புங்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். பாட்டில், மூடி, கொடுத்த நேரம் எழுதிய காலண்டர் தாள், மூன்றையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு சி.எம்.சி.யும் பக்கம், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் எட்டும் தூரம். ரத்தத்தில் மருந்தின் அளவைக் குடித்து நாலு மணி நேரம் கழித்துத்தான் எடுப்பார்கள், அதுவரை வீட்டில் இருக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

நான் சொன்ன கணக்கு எல்லாக் குழந்தைக்கும் பொருந்தாது. மூன்று மாதம் ஆகாத கைக்குழந்தைக்கு 100.4 காய்ச்சல் என்றால் மருந்து கொடுத்துப் பார்க்கும் பேச்சே இல்லை, நேராக டாக்டர். தடுப்பூசி போட்ட அன்றைக்கு வரும் காய்ச்சலுக்கு, ஊசி போட்ட செவிலியரிடமே எடையைச் சொல்லி அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மஞ்சள் காமாலை உள்ள குழந்தை, வலிப்பு மாத்திரை அல்லது டி.பி. மருந்து சாப்பிடும் குழந்தை, ரொம்ப மெலிந்த குழந்தை, இவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் இந்தத் தாளைப் பயன்படுத்த வேண்டாம். நான் மருந்தாளுநர், காய்ச்சல் எதனால் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, அந்த வேலை டாக்டருடையது.

இனி ஃப்ரிட்ஜில் ஒட்டும் தாள். நீல மையில் பெரிய எழுத்தில் இப்படி எழுதுங்கள்: “இந்த பாட்டில் மட்டும், 5 மில்லிக்கு 125 மி.கி. தம்பி 10 கிலோ, ஒரு வேளைக்கு 5 மில்லி. பாப்பா 18 கிலோ, ஒரு வேளைக்கு 10 மில்லி. குலுக்கி, சிரிஞ்சில் அளந்து. ஒரு தடவை கொடுத்தால் அடுத்தது ஆறு மணி நேரம் கழித்து. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு நாலு கோடு, அதோடு நிறுத்தம். சளி மருந்து கூட வேண்டாம். இரண்டு நாள் கொடுத்தும் காய்ச்சல் இருந்தால், சாப்பிடாமல் தூங்கிக்கொண்டே இருந்தால், ஒன்றுக்குப் போகாவிட்டால், மூச்சு வாங்கினால், வலிப்பு வந்தால் எனக்கு போன், நான் எடுக்காவிட்டால் 108.” கீழே எடை எடுத்த தேதியையும் உங்கள் நம்பரையும் எழுதுங்கள். பிறகு அந்தச் சிரிஞ்சில் 5 மி.லி. கோட்டின் மேல் அழியாத பேனாவால் ஒரு கறுப்புக் கோடு இழுத்து, மாமியாரைத் தண்ணீர் வைத்து ஒருமுறை அளந்து காட்டச் சொல்லுங்கள். அவர் 10 மில்லியை இரண்டு தடவை இழுக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.